நூறைத் தாண்டிய வட்டம்

கடந்த சில மாதங்களாக எங்கள் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர், கைப்பேசியில் ஒரே படத்தைக் காட்டி விளக்கம் கேட்கின்றனர். ஏதோ ஒரு விழிப்புணர்வு அரங்கில் வைக்கப்பட்டிருந்த பதாகையை யாரோ பக்கவாட்டில் நின்று படம் பிடித்திருக்கிறார். அது உறவினர் குழுக்களின் வழியே ஊர் சுற்றி, தெளிவு குறைந்து, அடிப்பகுதி வெட்டுப்பட்டு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 'பக்கவாதம் ஏன் வருகிறது?' என்பது தலைப்பு. அதன்கீழ் பத்து வண்ணத் துண்டுகளாகப் பகுக்கப்பட்ட ஒரு வட்ட விளக்கப்படம். ஒவ்வொரு துண்டின் மீதும் ஒரு காரணமும் ஒரு சதவீதமும் எழுதப்பட்டுள்ளன.

உயர் ரத்த அழுத்தத்துக்கு 47.9. உடலுழைப்பின்மைக்கு 35.8. ரத்தக் கொழுப்புக்கு 26.8. சரியற்ற உணவுக்கு 23.2. வயிற்றுப் பருமனுக்கு 18.6. மனநெருக்கடிக்கு 17.4. புகைபிடித்தலுக்கு 12.4. இதயக் கோளாறுகளுக்கு 9.1. மதுவுக்கு 5.8. நீரிழிவு நோய்க்கு 3.9.

இந்த எண்களை எவரும் கற்பனை செய்து எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'இன்டர்ஸ்ட்ரோக்' என்னும் பன்னாட்டு ஆய்வின் முடிவுகள் இவை. 32 நாடுகளில் முதன்முறையாகப் பக்கவாதம் வந்த 13,447 பேரையும், பக்கவாதம் வராத 13,472 பேரையும் ஒப்பிட்டு நடத்தப்பெற்ற அந்த ஆய்வு 2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்தியாவும் அதில் பங்கேற்ற நாடுகளுள் ஒன்று. பக்கவாத மருத்துவத்தில் எங்களைப் போன்றோர் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நல்ல ஆய்வு அது. எண்கள் சரி. அவற்றை ஒரு வட்டத்துக்குள் வைத்ததே தவறு.

முதல் இரண்டு எண்களைக் கூட்டினால் 83.7 வருகிறது. மூன்றாவதைச் சேர்த்ததும் 110.5 ஆகிவிடுகிறது. இன்னும் ஏழு துண்டுகள் மீதமிருக்கும்போதே நூறு தாண்டிவிட்டது. பத்தையும் கூட்டிப் பார்த்தால் 200.9. ஒரு முழு வட்டத்துக்குள் இரண்டு வட்டங்களுக்கான சரக்கு அடைக்கப்பட்டிருக்கிறது.

வட்ட விளக்கப்படம் என்பது படிப்பவருக்கு ஒரு வாக்குறுதியைத் தருகிறது. இங்கே ஒரு முழுப் பொருள் இருக்கிறது, அதன் ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு துண்டில் மட்டுமே இடம்பெறுகிறது, இரண்டு துண்டுகளில் எதுவும் எண்ணப்படவில்லை, எதுவும் விடுபடவுமில்லை என்பதே அந்த வாக்குறுதி. வீட்டு வருமானத்தை வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், சேமிப்பு எனப் பிரித்து வட்டமாக வரையலாம். வாடகைக்குக் கொடுத்த ரூபாயை மளிகைக்கும் கொடுத்திருக்க முடியாதல்லவா? இதே ஆய்விலிருந்தும் முறையான வட்டம் ஒன்றை வரைய இயலும். அதில் சேர்க்கப்பட்ட 13,447 நோயாளிகளில் 10,388 பேருக்கு மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. 3,059 பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. முன்னது 77 சதவீதம், பின்னது 23 சதவீதம். ஒருவர் ஏதேனும் ஒரு வகையில்தான் சேர்க்கப்பட்டிருக்கிறார். கூட்டினால் சரியாக நூறு வருகிறது.

எண்களை முழுமைப்படுத்தும்போது கூட்டுத்தொகை 99 அல்லது 101 ஆவது இயல்பு. மூன்று சமபங்குகளை 33, 33, 33 என்று எழுதினால் 99தான் வரும். அதை யாரும் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. 120, 150, 200 என்று வந்தால்தான் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன என்று பொருள்.

பதாகையில் அவை ஏன் படிந்தன என்பதைப் புரிந்துகொள்ள, 47.9 என்ற எண் எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்க வேண்டும். 'நூறு பக்கவாத நோயாளிகளில் 48 பேருக்கு ரத்த அழுத்தத்தால் மட்டும் பக்கவாதம் வந்தது' என்பது அதன் பொருளன்று. 'உயர் ரத்த அழுத்தம் என்ற ஒன்றே இல்லாதிருந்தால், நூறு பக்கவாதங்களில் ஏறக்குறைய 48 நேர்ந்திராது' என்பதே அது தரும் மதிப்பீடு. இரண்டு வாக்கியங்களும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் முதல் வாக்கியம் நோயாளிகளைப் பங்கு போடுகிறது. இரண்டாவது வாக்கியம் எவரையும் பங்கு போடவில்லை.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்தை நினைத்துப் பாருங்கள். அதைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். வாடிக்கையாளரின் சாவி இல்லாவிட்டால் நூற்றுக்கு எத்தனை பெட்டகங்கள் திறவாமல் போகும்? நூறும். வங்கியின் சாவி இல்லாவிட்டால்? அப்போதும் நூறுதான். இரண்டு விடைகளும் சரியானவை. கூட்டினால் 200 வருகிறது. அதில் வியப்பதற்கு எதுவுமில்லை, ஏனெனில் ஒரே பெட்டகம் இரண்டு கேள்விகளிலும் எண்ணப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு நூறுகளையும் வட்டமாக வரைந்து, 'பெட்டகம் திறப்பதில் பாதிப் பங்கு வாடிக்கையாளருடையது, பாதி வங்கியுடையது' என்று எவரேனும் விளக்கினால் நாம் சிரிப்போம்.

எங்கள் படுக்கைகளில் இருப்போரின் நிலையும் இதுதான். ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், வயிற்றுப் பருமன் மூன்றும் உள்ள ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது. அழுத்தம் கட்டுக்குள் இருந்திருந்தால் அது வராமல் போயிருக்கலாம். அழுத்தம் அப்படியே இருந்து, புகைப்பழக்கம் மட்டும் இல்லாதிருந்தாலும் வராமல் போயிருக்கலாம். ஆகவே ஒரே நோயாளி ஒரே நோய்க்காக மூன்று கணக்குகளிலும் வருகிறார்.

அப்படியானால் பத்துக் காரணிகளும் சேர்ந்து எவ்வளவு? ஆய்வாளர்களே அந்த எண்ணைத் தந்திருக்கிறார்கள். அது 90.7 சதவீதம். பதாகையில் அந்த வரி இடம்பெற்றிருந்ததா என்பதை நாங்கள் பார்த்த எந்தப் படத்திலும் காண முடியவில்லை. அடிக்குறிப்புக்கு உரிய இடம் எல்லாவற்றிலும் வெட்டுப்பட்டிருக்கிறது. தனித்தனியே கூட்டினால் 200.9 வருகிற எண்கள், ஒன்றாகச் சேரும்போது 90.7 ஆவது எப்படி என்று கேட்போருக்காக, காகிதத்திலேயே செய்து பார்க்கக்கூடிய தோராயக் கணக்கு ஒன்று உண்டு.

நூறு பக்கவாதங்களில் தொடங்குவோம். ரத்த அழுத்தம் நீங்கினால் 47.9 சதவீதம் குறைந்து, ஏறக்குறைய 52 எஞ்சும். அடுத்து உடலுழைப்பின்மை நீங்குகிறது. அதன் 35.8 சதவீதத்தை எஞ்சியிருக்கும் 52-இலிருந்து கழிக்க வேண்டும். ஏற்கெனவே தவிர்க்கப்பட்டுவிட்ட 48-ஐ மறுபடியும் தவிர்க்க இயலாதல்லவா? இப்போது எஞ்சுவது 33. ரத்தக் கொழுப்புச் சீரானால் 24. உணவு சீரானால் 19. வயிற்றுப் பருமன் நீங்கினால் 15. இப்படியே மனநெருக்கடி, புகை, இதயக் கோளாறு, மது, நீரிழிவு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போனால், இறுதியில் 9 எஞ்சுகிறது. அதாவது 91 தவிர்க்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு காரணியும் மற்றவற்றைச் சாராமல் தனித்து இயங்குகிறது என்ற எளிய அனுமானத்தில் செய்த கணக்கு இது. உடலில் அவை அப்படித் தனித்து இயங்குவதில்லை. வயிறு பெருத்தால் அழுத்தமும் கூடும். எனினும் ஆய்வாளர்களின் 90.7-க்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது, பாருங்கள். பதாகை செய்தவர் கூட்டக்கூடாத எண்களை வட்டத்தில் இட்டுக் கூட்டிவிட்டார். செய்ய வேண்டியது, மிஞ்சியதிலிருந்து கழிப்பது.

இனி, 200.9 எப்படி ஒரு வட்டத்துக்குள் அடங்கியது என்பதற்கு வருவோம். வட்டம் வரையும் கணினி மென்பொருளுக்குப் பக்கவாதமும் தெரியாது, சதவீதமும் தெரியாது. எந்தப் பத்து எண்களைக் கொடுத்தாலும் அவற்றின் கூட்டுத்தொகையை முழு வட்டமாகக் கொண்டு பகிர்ந்துவிடும். இங்கே கூட்டுத்தொகை 200.9 என்பதால் ஒவ்வொரு துண்டும் தனக்குரிய அளவில் பாதியாகச் சுருங்கிவிட்டது. 47.9 என்று எழுதப்பட்ட துண்டு கிட்டத்தட்ட அரைவட்டமாக இருந்திருக்க வேண்டும். படத்தில் அது கால் வட்டத்துக்கும் சற்றுக் குறைவு. இதயக் கோளாற்றின் 9.1, வட்டத்தில் 4.5 சதவீத இடத்தையே பெற்றிருக்கிறது. நீரிழிவு ஒரு கீற்றாகிவிட்டது. எல்லாத் துண்டுகளும் ஒரே விகிதத்தில் சுருங்கியதால் பெரியது பெரியதாகவும் சிறியது சிறியதாகவுமே தெரிகிறது. அதனால்தான் கண்ணுக்கு ஐயம் எழுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதத்தின் மூலை போதும். எந்தத் தாளின் மூலையும் செங்கோணம். அந்த மூலையின் முனையை வட்டத்தின் மையத்தில் வைத்தால், மூலை மறைக்கும் பரப்பு சரியாகக் கால் வட்டம், அதாவது 25 சதவீதம். 48 என்று எழுதப்பட்ட துண்டை மறைக்க ஏறக்குறைய இரண்டு மூலைகள் தேவைப்பட வேண்டும். ஒரே மூலைக்குள் அது அடங்கிவிட்டால், எழுத்தும் படமும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று அறியலாம். கைப்பேசித் திரையின் மீது ஒரு பேருந்துச் சீட்டை வைத்துக்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. படம் நேர்முகமாக எடுக்கப்பட்டு, வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும். எங்களிடம் வந்த படங்களில் பாதி பக்கவாட்டில் நின்று எடுக்கப்பட்டவை. அவற்றில் வட்டம் முட்டை வடிவமாகிக் கோணங்கள் கலைந்துவிடுகின்றன. போதாக்குறைக்குப் பதாகையின் வட்டமே, தட்டில் வைத்த கேக்கைப் போலத் தடிமனுடன் சாய்த்து வரையப்பட்டிருக்கிறது. அப்படிச் சாய்க்கும்போது நம் பக்கம் இருக்கும் துண்டு, தன் முன்விளிம்பின் உயரத்தையும் சேர்த்துக் காட்டிப் பெரிதாகத் தோன்றும். பின்பக்கத் துண்டு ஒடுங்கித் தோன்றும். இந்தப் படத்தில் முன்னால் அமர்ந்திருப்பது உடலுழைப்பின்மை. ஆகவே பலர் எங்களிடம், 'நடைப்பயிற்சி இல்லாததுதான் முதற்காரணம் போலிருக்கிறதே' என்று கேட்கின்றனர். சாய்ந்த படங்களில் மூலைச் சோதனையை விட்டுவிட்டு, எழுதியிருக்கும் எண்களைக் கூட்டிப் பார்ப்பதே வழி.

இத்தகைய பிழை விழிப்புணர்வுப் பதாகைகளுக்கு மட்டும் உரியதன்று. 2009-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சிகாகோ தொலைக்காட்சி, அடுத்த அதிபர் தேர்தலில் மூவருக்கு இருந்த ஆதரவை ஒரு வட்டத்தில் காட்டியது. பேலினுக்கு 70, ஹக்கபிக்கு 63, ராம்னிக்கு 60. மொத்தம் 193. ஒருவரே மூவரையும் ஆதரிக்கலாம் என்பதால் எண்கள் அப்படி வருவதில் வியப்பில்லை. அவற்றை வட்டத்தில் இட்டதால்தான் உலகமே நகைத்தது. திரையைப் படம் பிடித்தோரால் அது இன்றும் வலம் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விடை கூறக்கூடிய எந்தக் கேள்வியும் வட்டத்துக்கு உதவாது.

தேர்தல் படமென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பக்கவாதப் படத்தை நாங்கள் அப்படி விட முடியாததற்குக் காரணம், அதை வைத்து மாத்திரையை நிறுத்துவது பற்றிய பேச்சு எழத் தொடங்கியதுதான்.

68 வயதுப் பெரியவர் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தமும் உண்டு, 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' எனப்படும் சீரற்ற இதயத் துடிப்பும் உண்டு. சென்ற ஆண்டு சிறிய அளவில் பக்கவாதம் வந்து, பேச்சு குழறி, நல்வாய்ப்பாக மீண்டவர். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நாள்தோறும் எடுத்துக்கொள்கிறார். அவருடைய மகன் படத்தைக் காட்டி எங்களிடம் கேட்டார்: "டாக்டர், இதயக் கோளாற்றுக்கு ஒன்பது சதவீதம்தான் போட்டிருக்கிறது. அந்தத் துண்டு எவ்வளவு சிறியது பாருங்கள். அப்பாவுக்கு இந்த மாத்திரையால் ஈறில் ரத்தம் கசிகிறது. மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேறு. பி.பி. மாத்திரையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால் போதாதா?"

ஈறில் ரத்தம் கசியும் தந்தையைக் காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் இப்படிக் கேட்பது நியாயமே. படத்தை நம்பினால் அவர் கணக்கில் பிசகும் இல்லை. ஆனால் அந்தத் துண்டு அளப்பது ஊரை. மகன் அறிய விரும்பியது தம் தந்தையைப் பற்றி. இவை இரண்டும் வெவ்வேறு.

அவருக்கு நாங்கள் எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறோம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாங்களே வைத்துக்கொண்டவை. 10,000 பேர் வாழும் ஓர் ஊர். எந்தக் கோளாறும் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது என்று கொள்வோம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது மும்மடங்கு, அதாவது நூற்றுக்கு மூவர். ஊரில் 3,000 பேருக்கு அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 90 பேருக்குப் பக்கவாதம் வரும். அழுத்தம் இல்லாத 7,000 பேரில் 70 பேருக்கு வரும். ஆக 160. அந்த 3,000 பேருக்கும் அழுத்தம் இல்லாதிருந்தால் 90-க்குப் பதில் 30தான் வந்திருக்கும். மிகையாக வந்தவை 60. 160-இல் 60 என்பது 37.5 சதவீதம். பதாகையில் இது பெரிய துண்டாகும்.

இப்போது அதே ஊரில் சீரற்ற துடிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுவும் ஒருவருடைய ஆபத்தை அதே மும்மடங்காக்குகிறது என்று வைப்போம். ஆனால் அது 300 பேருக்குத்தான் இருக்கிறது. அவர்களில் 9 பேருக்குப் பக்கவாதம் வரும். மற்ற 9,700 பேரில் 97 பேருக்கு வரும். ஆக 106. மிகையாக வந்தவை 6. ஏறக்குறைய 6 சதவீதம். பதாகையில் இது சிறிய துண்டாகும்.

அழுத்தம் உள்ளவருக்கும் நூற்றுக்கு மூன்று, சீரற்ற துடிப்பு உள்ளவருக்கும் நூற்றுக்கு மூன்று. தனி மனிதருக்கு இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை. துண்டுகள் ஆறு மடங்கு வேறுபடுவதற்குக் காரணம், முதலாவது ஊரில் பலருக்கும் இரண்டாவது சிலருக்கும் இருப்பதுதான். எந்த நோய்க்கு எத்தனை முகாம்கள் நடத்துவது என்று முடிவு செய்யும் சுகாதாரத் துறைக்குத் துண்டின் அளவு மிகவும் பயன்படும். தம் தந்தையின் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பயன்படாது. அந்தக் கோளாறு தந்தைக்கு இருக்கிறதா, இல்லையா என்பதே அவருக்குரிய கேள்வி.

இன்டர்ஸ்ட்ரோக் ஆய்விலேயே இதற்கான எண்ணும் இருக்கிறது. பதாகை அதை எடுத்துக்கொள்ளவில்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 2.98 மடங்காக இருந்தது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு 3.17 மடங்காக இருந்தது. துண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இதயக் கோளாறு, தனி மனிதரின் கணக்கில் அழுத்தத்துக்குச் சற்று மேலேயே நிற்கிறது. பெரியவருக்கோ இரண்டும் இருக்கின்றன.

சீரற்ற துடிப்பின்போது இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகி, ஓட்டத்தில் மூளைக்குச் சென்று குழாயை அடைக்கிறது. ரத்த அழுத்த மாத்திரை இந்த உறைவைத் தடுப்பதில்லை. வார்ஃபரின் இத்தகையோருக்குப் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஈறில் கசிந்த ரத்தம் புறக்கணிக்கத் தக்கதன்று. மாத்திரையின் அளவு மிகுந்துவிட்டதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். அன்றே பரிசோதித்ததில் ஐ.என்.ஆர். அளவு 3.6 ஆக இருந்தது. அவருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். வாரத்தில் எடுக்கும் மொத்த அளவைச் சற்றுக் குறைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்தோம். 2.6-க்கு வந்திருந்தது, கசிவும் நின்றிருந்தது. புதிய வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்வோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அவற்றுக்கு மாதாந்தர ஐ.என்.ஆர். பரிசோதனை தேவையில்லை. ஆனால் அவற்றின் பாதுகாப்பு ஓரிரு நாளிலேயே நீங்கிவிடும். ஆகவே எங்களிடம் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தலாகாது.

நீரிழிவு நோயாளிகளும் அந்தக் கீற்றைக் காட்டி, 'சர்க்கரையால் நான்கு சதவீதம்தானே' என்று கேட்கின்றனர். அந்த 3.9, அடைப்பால் வரும் பக்கவாதத்தையும் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதத்தையும் கலந்து கணக்கிட்ட எண். நீரிழிவின் தொடர்பு அடைப்பு வகையுடன்தான் வலுவாக இருந்ததென்று அதே ஆய்வு கூறுகிறது. மேலும், அழுத்தம், கொழுப்பு, பருமன் ஆகியவற்றின் பங்கைத் தனியே பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய எண் அது. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு அவையும் கூடவே இருக்கின்றன. கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றுக்கு நேர்வது இந்தப் படத்தின் தலைப்புக்குள்ளேயே வரவில்லை.

இதற்கு நேர்மாறான அச்சமும் எங்களிடம் வருகிறது. 'எனக்கு பி.பி. இருக்கிறது, ஆகவே பக்கவாதம் வர 48 சதவீத வாய்ப்பா?' என்று ஓர் அம்மா கலங்கிக் கேட்டார். இல்லை. பக்கவாதம் வந்தவர்களின் கூட்டத்தைப் பற்றிய எண் அது. ஒருவருக்கு அடுத்த பத்தாண்டுகளில் பக்கவாதம் வரும் வாய்ப்பை அறிய, வயது, அழுத்தத்தின் அளவு, புகைப்பழக்கம், இதயத் துடிப்பு, முன்பு வந்த நோய்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தனியே கணிக்க வேண்டும். புறநோயாளிப் பிரிவில் அதைச் செய்ய அதிக நேரம் ஆவதில்லை.

இந்தப் பத்து எண்களையும் எப்படி வரைந்திருக்க வேண்டும் என்று கேட்டால், பத்துப் பட்டைகளாக என்போம். ஒவ்வொரு பட்டையும் பூச்சியத்தில் தொடங்கி, நூறு வரையிலான தன் அளவுகோலில் தனித்து நிற்க வேண்டும். அப்போது அவற்றைக் கூட்டிப் பார்க்கும் எண்ணமே எழாது. எங்கள் துறையின் காத்திருப்பு அறைக்கு அப்படியொரு படத்தைத் தயாரித்து வருகிறோம். 'எல்லாம் சேர்ந்து 90.7' என்ற வரியை அடியில் வைக்காமல், படம் பிடிப்போர் வெட்டிவிட முடியாதபடி பட்டைகளுக்கு நடுவிலேயே வைத்திருக்கிறோம். உங்களிடம் இத்தகைய படம் ஏதேனும் வந்தால், இயன்றவரை அடிக்குறிப்பும் தெரியும்படியான முழுப் படத்தை வாங்கி, அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டுடன் காட்டுங்கள்.